கொடைக்கானலுக்கு எத்தனை மணி நேரம்?

மே மாதம் வந்துவிட்டால் சென்னையில் பல வீடுகளில் ஒரே கணக்கு நடக்கும். "கொடைக்கானல் எத்தனை கிலோமீட்டர்?" "ஐந்நூத்தி இருபது இருக்கும்." "எண்பதுல போனா ஆறரை மணி நேரம். நடுவுல சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் சேத்துக்கோ. காலையில எட்டு மணிக்குக் கிளம்பினா நாலு மணிக்கு ரூம்ல இருக்கலாம்." இதை நம்பி, நாலு மணிக்கு வருகிறோம் என்று ஓட்டலுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். ஆறரை மணிக்கு இருட்டிக்கொண்டு வரும்போது கார் இன்னும் மலை அடிவாரத்தில் இருக்கிறது. பின் சீட்டில் குழந்தைகள் சோர்ந்து கிடக்கிறார்கள். ஓட்டுபவர் மலைப்பாதையை இருட்டில் ஏற வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதில் தவறே கிடையாது. தவறு நாம் அதில் போடும் வேகத்தில் இருக்கிறது. வேகமானியின் முள் அதிக நேரம் எந்த எண்ணில் நிற்கிறதோ அதையே சராசரி வேகம் என்று எடுத்துக்கொள்கிறோம். காரின் சராசரி வேகம் அதைவிட மிகக் குறைவு. எவ்வளவு குறைவு, ஏன் குறைவு என்பதை இந்தக் கொடைக்கானல் பயணத்தையே வைத்துப் பார்க்கலாம். நாற்கரச் சாலை, நகர நெரிசல், இருவழிச் சாலை, மலைப்பாதை என்று நம் ஊர்ச் சாலைகளின் எல்லா ரகமும் இந்த ஒரே பயணத்தில் வந்துவிடுகின்றன.

முதலில் வேகத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காமல், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பாருங்கள். அறுபதில் போனால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக ஒரு நிமிடம். முப்பதில் போனால் இரண்டு நிமிடம். எண்பதில் 45 விநாடி. நூறில் 36 விநாடி. எண்பதிலிருந்து நூறுக்கு ஏறினால் கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஒன்பது விநாடிதான். ஆனால் அறுபதிலிருந்து முப்பதுக்கு இறங்கினால் கிலோமீட்டருக்கு ஒரு முழு நிமிடம் போய்விடுகிறது.

இதைப் பத்து கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நெரிசலில் இருபதில் ஊர்ந்து கடக்கும் பத்து கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் ஆகும். அதே தூரத்தை, நெரிசல் இல்லாத நேரத்தில் கிளம்பி நாற்பதில் கடந்தால் 15 நிமிடம் மிச்சம். அந்த 15 நிமிடத்தை நெடுஞ்சாலையில் மிச்சப்படுத்த வேண்டுமானால், எண்பதில் போகிறவர் நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு நூறிலேயே போக வேண்டும். வேகமான இடத்தில் காட்டும் அவசரம் கொஞ்சம்தான் திருப்பித் தருகிறது. மெதுவான இடங்கள்தான் பயண நேரத்தை முடிவு செய்கின்றன. கணக்குப் போடும்போது நம் கவனம் முழுவதும் போக வேண்டிய இடமும் அதுதான்.

இரண்டு வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி வராது என்பதற்கும் இதுவே காரணம். அறுபது கிலோமீட்டரை முப்பதிலும், அடுத்த அறுபது கிலோமீட்டரைத் தொண்ணூறிலும் கடந்தால் சராசரி அறுபது என்றுதான் மனம் சொல்லும். நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். முதல் பாதிக்கு இரண்டு மணி நேரம், அடுத்த பாதிக்கு நாற்பது நிமிடம். மொத்தம் 120 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் என்றால் சராசரி 45-தான். மெதுவான பாதியில் கார் அதிக நேரம் இருக்கிறது, அதனால் சராசரியை அது தன் பக்கம் இழுத்துவிடுகிறது. அதோடு, முதல் பாதியை முப்பதில் கடந்த பிறகு, மொத்தச் சராசரியை அறுபதாக்க எந்தக் காராலும் முடியாது. 120 கிலோமீட்டருக்கு அறுபது சராசரி என்றால் மொத்தமே இரண்டு மணி நேரம்தான். அதை முதல் பாதியே தின்று தீர்த்துவிட்டது.

எனவே பயணம் முழுமைக்கும் ஒரே வேகம் வைக்காமல், சாலை மாறும் இடங்களில் தூரத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக நேரம் பார்த்து, கடைசியில் நேரங்களைக் கூட்ட வேண்டும். வேகங்களைக் கூட்டக் கூடாது.

அண்ணா நகரில் ஒரு வீட்டிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். மதுரவாயல் பைபாஸ் பிடித்து பெருங்களத்தூர் சேரச் சுமார் 30 கிலோமீட்டர். அந்த நேரத்தில் சாலை காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் தெருமுனை, சிக்னல், பைபாஸில் லாரிகள் என்று நாற்பது நிமிடம் ஆகும். பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை ஜிஎஸ்டி ரோட்டில் இன்னொரு 27 கிலோமீட்டர். வரைபடத்தில் இது நெடுஞ்சாலை. நடைமுறையில் வண்டலூர், கிளாம்பாக்கம் பேருந்து முனையம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று ஊரைத் தொட்டு ஊர். பரனூர் டோல்கேட் தாண்டும் வரை இதை நகரச் சாலையாகத்தான் கணக்கில் வைக்க வேண்டும். விடியற்காலையில் இதற்கும் நாற்பது நிமிடம். ஆக, 57 கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிடம் போயிருக்கும்.

செங்கல்பட்டிலிருந்து திருச்சி வரை சுமார் 270 கிலோமீட்டர் நாற்கரச் சாலை. பலரும் எண்பது, தொண்ணூறு என்று சொல்வது இந்தத் துண்டை மனதில் வைத்துத்தான். இங்கே முள் தொண்ணூறில் நின்றாலும், ஓட்டச் சராசரி எழுபத்தைந்துக்கு மேல் வருவது சிரமம். திண்டிவனம் பக்கம் ஆத்தூர், பிறகு விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று டோல்கேட்டுகள் வரிசையாக வருகின்றன. ஃபாஸ்டாக் இருந்தாலும் வேகம் குறைத்து, வரிசையில் நின்று, மறுபடி வேகம் பிடிக்க ஒவ்வொன்றிலும் ஓரிரு நிமிடம் போகும். கிராமத்துச் சந்திப்புகளில் போலீஸ் வைத்த இரும்புத் தடுப்புகளுக்கு நடுவே வளைந்து போக வேண்டும். ஒரு லாரியை இன்னொரு லாரி முந்தும்போது வலது தடத்தில் நாமும் அதே வேகத்தில் பின்னாலேயே போக வேண்டியிருக்கும். மேம்பாலம் கட்டும் இடத்தில் சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடுவார்கள். எழுபத்தைந்து என்று வைத்தால் இந்தத் துண்டுக்கு மூன்று மணி 36 நிமிடம்.

திருச்சியிலிருந்து மணப்பாறை, வடமதுரை வழியாகத் திண்டுக்கல் சுமார் 100 கிலோமீட்டர். இதுவும் நாற்கரச் சாலைதான். ஒரு மணி இருபது நிமிடம். திண்டுக்கல்லுக்குப் பிறகு சாலையின் குணம் மாறிவிடும். செம்பட்டி, வத்தலக்குண்டு என்று ஊர்களுக்குள் புகுந்து வரும் சாலையில் டிராக்டரும் டவுன் பஸ்ஸும் முன்னால் போகும். முந்த இடம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். மலையேறும் சாலை பிரிகிற இடத்தை அந்தப் பக்கத்தில் 'காட் ரோடு' என்றே சொல்வார்கள். அதுவரை சுமார் 45 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் வைக்கலாம். அங்கிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல ஓட்டம். ஒரு மணி நாற்பது நிமிடம்.

கூட்டினால் தூரம் 522 கிலோமீட்டர், சக்கரம் சுழலும் நேரம் எட்டு மணி 56 நிமிடம். ஒன்பது மணி என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் போட்ட ஆறரை மணிக் கணக்கில் இங்கேயே இரண்டரை மணி நேரம் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

இதில் மலைப்பாதையை மட்டும் தனியாகப் பாருங்கள். தூரத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நேரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. திருச்சியைத் தாண்டும்போது, "327 கிலோமீட்டர் வந்துவிட்டோம், இன்னும் 195-தான்" என்று மனம் கணக்குப் போடும். தூரத்தில் 63 சதவீதம் முடிந்துவிட்டது உண்மைதான். ஆனால் ஓட்ட வேண்டிய நேரத்தில் நான்கு மணி நேரம் மீதி இருக்கிறது. மலையில் முடியும் எந்தப் பயணத்துக்கும் இந்தக் குணம் உண்டு. ஏற்காடானாலும் ஊட்டியானாலும் மீதித் தூரத்தைப் பார்த்து நேரம் சொன்னால் ஏமாற்றம்தான்.

இந்த ஓட்டச் சராசரி காருக்குக் கார், ஆளுக்கு ஆள் மாறும். உங்களுடையது என்ன என்று கண்டுபிடிப்பது எளிது. பரனூர் டோல்கேட்டைத் தாண்டியதும் டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து நிறுத்தும்போது எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 95 கிலோமீட்டருக்கு 76 நிமிடம் ஆகியிருந்தால் ஓட்டச் சராசரி 75. பெரும்பாலானவர்களுக்கு இந்த எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் வரும். பல கார்களில் சராசரி வேகம் திரையிலேயே தெரியும். அதை நம்பும் முன், இன்ஜின் அணைந்திருக்கும் நேரத்தை அது சேர்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். பொதுவாகச் சேர்ப்பதில்லை. சிக்னலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நேரம் கணக்கில் வரும். டீக்கடையில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் அந்த அரை மணி கணக்கிலேயே இருக்காது.

வேகமானியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக, அது கொஞ்சம் கூட்டியே காட்டும்படிதான் தயாரிக்கிறார்கள். சரிபார்க்க விரும்பினால், வாகனம் குறைவான ஓர் இடத்தில் முள்ளை எண்பதிலேயே பிடித்துக்கொண்டு, அருகில் இருப்பவரை ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை விநாடிகளை எண்ணச் சொல்லலாம். 3,600-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் உண்மை வேகம். 48 விநாடி ஆனால் கார் போனது 75-ல்தான்.

இனி நிறுத்தங்களுக்கு வருவோம். பயணக் கணக்கில் மிக அதிகமாகப் பொய்த்துப்போவது இந்தப் பகுதிதான். ஓட்டும் நேரத்தையாவது ஏதோ ஒரு கணக்கில் சொல்கிறோம். "அஞ்சு நிமிஷம், ஒரு டீ" என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராமல் போகிறது.

ஐந்து பேர் போகும் காரில் அந்த ஐந்து நிமிடத்தைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். நல்ல கடையாகத் தேடி வேகத்தைக் குறைத்து, மண் தரையில் இறக்கி, நிழல் பார்த்து நிறுத்துவதற்குள் இரண்டு மூன்று நிமிடம். தூங்கிய குழந்தையை எழுப்பிச் செருப்பு மாட்ட வேண்டும். பாட்டிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கும், கைத்தாங்கலாக இறக்க வேண்டும். கழிப்பறை கடைக்குப் பின்னால் இருக்கும், பெண்கள் பக்கம் வரிசை நிற்கும். இவர்கள் திரும்பி வரும்போதுதான் ஆண்கள் டீ சொல்லியிருப்பார்கள். "எனக்குச் சர்க்கரை இல்லாம" என்று ஒரு கிளாஸ் மறுபடி வரும். தண்ணீர் பாட்டில், முறுக்குப் பாக்கெட், ஜிபே காசு போய்ச் சேர்ந்த சத்தத்துக்காகக் காத்திருத்தல். எல்லோரும் ஏறிய பிறகு கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டதாக ஒருவருக்கு நினைவு வரும். சாவி அணைத்தது முதல் மறுபடி போட்டது வரை பார்த்தால் இருபது நிமிடத்துக்குக் குறையாது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஐந்து பேர் இறங்கி ஏற அவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவுதான். அதைக் கணக்கில் வைக்காமல் விட்டுவிட்டு, பிறகு "சீக்கிரம், சீக்கிரம்" என்று வயதானவர்களை விரட்டுவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அனுபவத்தில், குடும்பத்தோடு போகும்போது டீ நிறுத்தத்துக்கு 20 நிமிடம், டிபனுக்கு 40, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி என்று வைத்தால் ஏமாற்றம் இருக்காது. தனியாகவோ இருவராகவோ போனால் இதில் பாதி போதும்.

எத்தனை முறை நிறுத்துவது? இரண்டு மணி, அதிகம் போனால் இரண்டரை மணிக்கு ஒருமுறை. பசி இல்லாவிட்டாலும் ஓட்டுபவருக்காக நிறுத்த வேண்டும். வாகனம் ஓட்டியே பிழைப்பவர்களுக்குச் சட்டமே இதை வகுத்தது. நம் நாட்டின் 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி, பேருந்து ஓட்டுநர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். தினமும் ஓட்டிப் பழகியவர்களுக்கே இது கட்டாயம் என்றால், அலுவலகத்துக்கு மட்டும் கார் எடுத்துப் பழகியவர் ஒரே நாளில் ஒன்பது மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்கும்போது இன்னும் அதிகமாகவே ஓய்வு வேண்டும். எட்டு மணி நேர வரம்பை இந்தப் பயணம் தாண்டுகிறது என்பதையும் கவனியுங்கள். ஓட்டத் தெரிந்த இன்னொருவர் காரில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் திருச்சியிலோ திண்டுக்கல்லிலோ ஓர் இரவு தங்கிப் போவதை வெட்டிச் செலவாக நினைக்கக் கூடாது.

இப்போது நிறுத்தங்களோடு மணியைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து மணிக்குக் கிளம்பினால் 6.20-க்குச் செங்கல்பட்டு. 7.35 வாக்கில் விக்கிரவாண்டி. அங்கே டிபன் முடித்து 8.15-க்கு எடுக்கலாம். பெரம்பலூர் பக்கம் ஒரு டீ, டீசலும் அங்கேயே. திருச்சியைத் தாண்டும்போது 10.55. திண்டுக்கல் 12.15. அங்கே பிரியாணியோ சாப்பாடோ முடித்து, 1.15-க்குக் கிளம்பி, 2.15-க்குக் காட் ரோடு. மலையேறும் முன் கால் மணி. பாதி மலையில் ஒருவருக்காவது வயிற்றைப் புரட்டும், அல்லது வெள்ளி அருவியைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்வார்கள். அதற்கு இருபது நிமிடம். கொடைக்கானல் ஊருக்குள் நுழையும்போது மாலை 4.30.

நிறுத்தங்கள் மட்டும் இரண்டு மணி 35 நிமிடம். மொத்தம் பதினொன்றரை மணி. 522 கிலோமீட்டரை அதால் வகுத்தால் 45 வருகிறது. முள் பெரும்பாலும் தொண்ணூறில் நின்ற பயணத்தின் மொத்தச் சராசரி அதில் சரிபாதி.

டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிற அண்ணன்மார்களைக் கேட்டால் இவ்வளவு கணக்குப் போட மாட்டார்கள். "மணிக்கு அம்பது வெச்சுக்கங்க சார், டீ, சாப்பாடு எல்லாம் அதுலயே வந்துடும். மலைன்னா ஒரு மணி நேரம் கூட" என்பார்கள். ஆண்டுக்கணக்காக ஓட்டியதில் கிடைத்த கணக்கு அது. இந்தப் பயணத்தில் போட்டுப் பார்த்தால், 522-ஐ ஐம்பதால் வகுத்துப் பத்தரை மணி, மலைக்கு ஒரு மணி சேர்த்துப் பதினொன்றரை. துண்டு துண்டாகப் போட்ட கணக்கும் அதே இடத்துக்குத்தான் வந்தது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்த ஐம்பதில் ஓய்வு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் சாப்பாட்டுக்கு ஒரு மணி, டீக்கு அரை மணி என்று மறுபடி சேர்த்தால் ஒரே நேரத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். எழுபத்தைந்து போல ஓட்டச் சராசரியை எடுத்தால் நிறுத்தங்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும், ஐம்பதை எடுத்தால் சேர்க்கக் கூடாது. கைபேசி வரைபடம் காட்டுவது முதல் வகை. நிற்காமல் போனால் ஆகும் நேரத்தைத்தான் அது சொல்கிறது. முந்தின நாள் இரவு பத்து மணிக்குத் தேடிப் பார்த்தால் அந்த நேரத்துச் சாலை நிலவரத்தை வைத்துச் சொல்லும். நாளைக் காலை கிளம்பப்போகும் மணியைக் கொடுத்துத் தேடுவதற்கு அதிலேயே வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும்.

கிளம்பும் நேரம் மாறினால் கணக்கும் மாறும். ஐந்து மணிக்குப் பதில் எட்டு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரம் தள்ளிப் போய்ச் சேர்வோம் என்று நினைக்கத் தோன்றும். எட்டு மணிக்குச் சென்னைக்குள்ளும் ஜிஎஸ்டி ரோட்டிலும் வேறு உலகம். செங்கல்பட்டு வரையிலான அந்த 57 கிலோமீட்டருக்கு இன்னொரு முக்கால் மணி கூடுதலாகப் போய்விட்டால், கொடைக்கானல் சேரும்போது இரவு எட்டே கால். அதைவிட முக்கியம், காட் ரோட்டில் ஏறும்போதே மணி ஆறு தாண்டியிருக்கும். எதிரே இறங்கும் பேருந்தின் விளக்கு கண்ணில் அடிக்க, மூடுபனியில் வளைவு வளைவாக ஏறும்போது முப்பது கிலோமீட்டர் என்ற வேகமும் கிடைக்காது.

தாமதமாகக் கிளம்பியவர்கள் அதை நாற்கரச் சாலையில் ஈடுகட்டப் பார்ப்பார்கள். ஓட்டச் சராசரியை 75-லிருந்து 85-க்கு ஏற்ற முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு முள் பெரும்பாலும் நூறைத் தாண்டியே நிற்க வேண்டும். செங்கல்பட்டு முதல் திருச்சி வரை அப்படிப் போனால் மிச்சமாவது 25 நிமிடம். அதற்கு விலை என்ன? எண்பதில் போகும்போது பிரேக் பிடித்து நிற்க எவ்வளவு தூரம் ஆகுமோ, நூறில் அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகும். குறுக்கே ஒரு டிவிஎஸ் 50 வந்தால் அந்த வித்தியாசம்தான் மிஞ்சும். 25 நிமிடம் முன்னதாக எழுந்திருப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

மதியத் தூக்கத்துக்கும் கணக்கில் இடம் வேண்டும். நம் உடலுக்கு விடியற்காலையிலும், மதியம் இரண்டு முதல் நாலு மணி வரையிலும் இயல்பாகவே சொக்கும். நம் அட்டவணையில் திண்டுக்கல் சாப்பாட்டுக்குப் பிறகு இருவழிச் சாலையும் மலையும் சரியாக அந்த நேரத்தில்தான் வருகின்றன. ஐந்து மணிக்குக் கிளம்ப மூன்றரைக்கு எழுந்தவருக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். சாப்பாட்டுக்கு ஒதுக்கிய ஒரு மணியில், ஓட்டுபவர் அளவாகச் சாப்பிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு, சீட்டைச் சாய்த்துக் கால் மணி கண்ணை மூட வேண்டும். காபி வேலை செய்ய இருபது நிமிடம் போல ஆகும், விழிக்கும்போது அது கைகொடுக்கும். அரை மணிக்கு மேல் தூங்கினால் எழுந்ததும் மந்தமாக இருக்கும், உடனே ஓட்டக் கூடாது. கடைசியாக எந்த ஊரைத் தாண்டினோம் என்று நினைவில்லை, அடிக்கடி கொட்டாவி, வண்டி வெள்ளைக் கோட்டை உரசுகிறது என்றால், அட்டவணையில் இல்லாவிட்டாலும் உடனே ஓரங்கட்ட வேண்டும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் தூக்கத்தைத் தீர்ப்பதில்லை.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் நாலரை மணி என்று ஒரே புள்ளியைச் சொல்லக் கூடாது. ஓட்டும் நேரத்தில் பத்து சதவீதம், அதாவது ஒன்பது மணிக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி வரை, கையிருப்பாக வைத்து, "நாலரையிலிருந்து அஞ்சரைக்குள் வந்துவிடுவோம்" என்று ஓட்டலுக்குச் சொல்லலாம். கோடை விடுமுறை, தொடர் விடுமுறை என்றால் அந்த ஒரு மணி போதாது. மலையில் ஒரு பேருந்து பழுதாகி நின்றால் இரு பக்கமும் கார்கள் கோத்துக்கொள்ளும். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. வீட்டிலேயே எடுத்துக் கைபேசியில் வைத்திருந்தால் சோதனையில் நேரம் போகாது. மலைச்சாலையில் சிக்னல் தேடிக்கொண்டு விண்ணப்பித்தால் போகும்.

நடுவழியில் கணக்கைச் சரிபார்க்கத் திருச்சி நல்ல இடம். 10.55-க்கு அங்கே இருக்க வேண்டும் என்பது நம் கணக்கு. 11.30 ஆகிவிட்டது என்றால் காரணத்தைப் பார்க்க வேண்டும். டிபனுக்கு வரிசையில் நின்றதால் என்றால், அந்த 35 நிமிடத்தை மட்டும் கடைசி நேரத்தில் கூட்டினால் போதும். சாலையே மெதுவாக இருந்ததால், அல்லது ஓட்டுபவர் களைப்பில் நிதானமாகப் போனதால் என்றால், மீதியிருக்கும் நாலு மணி ஓட்டமும் அதே விகிதத்தில் நீளும். ஐந்து மணி நேரம் என்று போட்ட ஓட்டம் ஐந்தரை ஆனால், நாலு மணி என்று போட்டது நாலரைக்குப் பக்கத்தில் போகும். அதையும் சேர்த்தால் சேரும் நேரம் ஐந்தரை ஆகிவிடுகிறது. இன்னும் வெளிச்சத்திலேயே மலையேறிவிடலாம், அதனால் பதற்றப்பட வேண்டியதில்லை. திருச்சியிலேயே ஒரு மணி தாண்டிவிட்டது என்றால், திண்டுக்கல்லில் அறை தேடிவிட்டு மறுநாள் காலை ஏறுவது நல்லது.

திரும்பும் பயணத்துக்கு இதே எண்களைத் தலைகீழாகப் போட்டால் போதாது. இறக்கம் என்பதால் மலையில் நேரம் பெரிதாக மிச்சமாகாது. வளைவுகளில் இரண்டாவது கியரில்தான் வர வேண்டும், ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். பெரிய வித்தியாசம் கடைசித் துண்டில் இருக்கிறது. போகும்போது விடியற்காலையில் காலியாகக் கிடந்த செங்கல்பட்டு–பெருங்களத்தூர் சாலை, விடுமுறை முடியும் ஞாயிறு மாலையில் ஊர் திரும்புகிற வண்டிகளால் நிரம்பி நிற்கும். ஓட்டுபவர் மிகவும் களைத்திருப்பதும் அந்த நேரத்தில்தான். கொடைக்கானலில் பதினோரு மணிக்குக் கிளம்பினால், நிறுத்தங்களோடு செங்கல்பட்டு வர இரவு எட்டு தாண்டிவிடும், சரியாக அந்தக் கூட்டத்தில் போய்ச் சிக்க வேண்டியதுதான். காலை ஏழுக்கு மலையிறங்கினால் நாலரைக்குள் பரனூரைத் தாண்டிவிடலாம். அப்படியும் அண்ணா நகர் சேர ஒரு மணி இருபது நிமிடத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு உறவினர் வீட்டுக்கு வருவதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.